எண்ணெய்த் தரைக்கு இந்த ஷூ ஆகாது

"வர்ற ஆர்டரை வேண்டாம்னு சொல்லத்தான் கம்பெனி ஆரம்பிச்சியா?"

"வேண்டாம்னு இன்னும் சொல்லலையே அண்ணா. யோசிக்கணும்னுதான் சொன்னேன்."

"நீ யோசிக்கறேன்னு சொன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன். தலையாட்டிக்கிட்டே மாட்டேன்னு சொல்ற ஆளு நீ."

கண்ணாடி ரூமுக்குள்ள நடந்த சண்டைதான். ஆனா அந்தக் கண்ணாடி சத்தத்தை மறைக்கறதுக்குப் போட்டதில்ல. வெளிய தையல் மெஷின்ல உக்காந்திருந்தவங்க எல்லாம் பெடல்லேர்ந்து காலை எடுத்துட்டாங்க. நூல் அறுந்துபோச்சுன்னு ஒருத்தி, ஊசி மாத்தறேன்னு இன்னொருத்தி. எல்லார் காதும் உள்ளதான்.

தங்கச்சிதான் கம்பெனி ஆரம்பிச்சவ. நாள் பூரா நின்னு வேலை பாக்கற நர்ஸுங்களுக்குன்னு ஒரு ஷூ. லேசா இருக்கும், அடிப்பாகம் பஞ்சு மாதிரி அமுங்கும், டைல்ஸ் தரையில சத்தமே வராது. நைட் டியூட்டி முடிச்சு வர்ற நர்ஸ் ஒருத்தி இன்னொருத்திகிட்ட சொல்லிச் சொல்லியேதான் பேர் பரவுச்சு. விளம்பரம்னு பெருசா எதுவும் கிடையாது. அண்ணன் இருந்த வேலையை விட்டுட்டு வந்து விற்பனையைப் பாத்துக்கிட்டான். சாம்பிள் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஏறாத படி இல்ல.

இப்ப அவன் பிடிச்சுட்டு வந்தது ஒரு வறுவல் ஃபேக்டரி. மூட்டை மூட்டையா வறுத்துப் பாக்கெட் போட்டு அனுப்பற பெரிய இடம். அங்க வேலை பாக்கற அத்தனை பேருக்கும் ஷூ வேணுமாம், வருஷா வருஷம். இங்கயோ கை காஞ்ச நேரம். தையல்காரங்களுக்கு வாரத்துல பாதி நாள்தான் வேலை.

சில வாரத்துக்கு முன்னாடி தங்கச்சி ஒரே ஒருதடவை அந்த ஃபேக்டரிக்குப் போய்ப் பாத்திருந்தா. வறுக்கற அடுப்புகிட்ட தரை பூரா எண்ணெய்ப் பிசுக்கு. வீட்டுக்கு வந்து ஒரு பழைய ஜோடியை எண்ணெய் தடவின டைல்ஸ் மேல போட்டு நடந்து பாத்தா. சுவரைப் பிடிக்கலன்னா இடுப்பு போயிருக்கும்.

"வேற அடி போட்டுக் குடுக்கலாம்ல?" கண்ணாடி ரூம்ல அவ இதைச் சொன்னதும் அண்ணன் கேட்டான்.

"எண்ணெயைத் தாங்கற ரப்பர் வேற அண்ணா. அதுக்கு அச்சே புதுசாப் போடணும். கனமும் ஜாஸ்தி. அது நம்ம ஷூவே இல்ல, வேற ஷூ."

"சரி, அதை அடுத்த வருஷம் பண்ணு. இப்ப இருக்கறதைக் குடு. பெட்டி மேல எண்ணெய்த் தரைக்கு ஆகாதுன்னு ஒட்டிட்டாப் போச்சு. அப்புறம் வாங்கினவன் பாடு." அப்புறம் குரலை இறக்கினான். "இங்க பாரு பாப்பா. அந்த பர்ச்சேஸ் மேனேஜர் கேபின் வாசல்ல மாசக்கணக்கா நின்னிருக்கேன். இதை நீ வேண்டாம்னு சொன்னா, நாளையிலேர்ந்து நான் வரமாட்டேன். மிரட்டறதுக்காகச் சொல்லல."

அவன் பாப்பான்னு கூப்பிட்டா விளையாட்டுக்குப் பேசலன்னு அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு யோசனை கேக்கறதுக்குன்னு இருந்தது ஒரே ஆள்தான். பம்ப் அக்கா. தண்ணி பம்ப் கம்பெனி ஒண்ணை வளத்து, நல்ல பேரோட மகள் கையில குடுத்துட்டு உக்காந்திருக்கறவங்க. போன்ல விஷயத்தைக் கேட்டாங்க. "எழுதி அனுப்பறேன். போன்ல சொன்னா நீ உனக்குப் பிடிச்ச பாதியை மட்டும்தான் கேப்பே"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. மறுநாளே கூரியர்ல லெட்டர் வந்துச்சு.

"தங்கம்,

ஆர்டர் எடுக்காதே. முதல்ல இதைச் சொல்லிடறேன், இல்லன்னா நீ கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாப்பே.

எங்க பம்ப் ஆழம் கம்மியா இருக்கற கிணத்துக்குத்தான் ஆகும். மேல உக்காந்து உறிஞ்சற பம்ப். தண்ணி ரொம்பக் கீழ இருந்தா அது எவ்வளவு முக்கினாலும் ஏறாது. அதனால எங்க கடைக்காரங்க எல்லாரும் விலை சொல்றதுக்கு முன்னாடி கேட்டது ஒண்ணுதான், தண்ணி எவ்வளவு ஆழத்துல இருக்கு? ஆழம் ஜாஸ்தின்னா எங்க பம்பை விக்க மாட்டாங்க. வேற கம்பெனி பேரைச் சீட்டுல எழுதிக் குடுப்பாங்க. பைத்தியமான்னு எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா அப்படித் திரும்பிப் போனவன்தான் தன் மச்சானைக் கூட்டிட்டு வந்தான், உன் கிணத்துக்கு இவங்க பம்ப்தான், பொய் சொல்ல மாட்டாங்கன்னு.

ஏன் தெரியுமா? தப்பான எடத்துல மாட்டின பம்ப் எரிஞ்சுபோச்சுன்னா, என் கிணறு ஆழம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. பம்ப் சரியில்லன்னுதான் சொல்வாங்க. அதே மாதிரி அந்த அடுப்புகிட்ட ஒரு பொண்ணு வழுக்கி விழுந்தா, பர்ச்சேஸ் மேனேஜர் தப்பா வாங்கிட்டார்னு யாரும் பேச மாட்டாங்க. உன் ஷூ பேரைச் சொல்லித்தான் பேசுவாங்க. அவளைத் தூக்கிட்டுப் போறதும் ஆஸ்பத்திரிக்குத்தான். அங்க அவ காலைப் பிடிச்சுப் பாக்கப் போறது உன் ஷூவைப் போட்டிருக்கற நர்ஸ்தான். அவ மனசுல உன் பேர் என்ன ஆகும்?

பிராண்டுன்னா பெட்டி மேல இருக்கற படம் இல்லம்மா. இவங்க சொன்னா சரியா இருக்கும்னு நாலு பேர் நம்பறது. யாருக்கு ஆகாதுன்னு நீயே வாயைத் திறந்து சொன்னாத்தான், ஆகும்னு நீ சொல்றதுக்கு மதிப்பு.

இப்ப உனக்குப் பிடிக்காதது. போன வாரம் உன் கடைக்கு வந்திருந்தேன், உன்கிட்ட சொல்லல. சட்டைக் கையெல்லாம் எண்ணெயா ஒரு சமையல் மாஸ்டர் வந்தார். உன் கவுண்டர்ப் பொண்ணு சைஸ் கேட்டா, கலர் கேட்டா. எங்க நின்னு வேலை பாக்கறீங்கன்னு கேக்கல. ஒரு ஜோடி குடுத்து அனுப்பிட்டா. அந்த மாஸ்டருக்கு ஒரு நியாயம், ஃபேக்டரிக்கு ஒரு நியாயமா? பெரிய ஆள்கிட்ட மட்டும் மாட்டேன்னு சொன்னா அது வெறும் வீம்பு.

இன்னொண்ணு. மாட்டேன்னு சொல்றதை முதல் நாளே சொல்லணும். நாள் போகப்போக அதுக்கு வேற யாரோ விலை குடுக்க வேண்டி வரும்.

அக்கா."

தங்கச்சி ரெண்டு தடவை படிச்சா. முதல் தடவை நெஞ்சு நிமிந்துச்சு, நான் நெனச்சதுதான் சரின்னு. சமையல் மாஸ்டர் கிட்ட வந்ததும் மூஞ்சி சுண்டிப்போச்சு. எழுந்து முன்பக்கம் இருக்கற கடைக்குப் போனா.

"சமையல்காரங்களுக்கெல்லாம் நாம குடுக்கறோமா?"

கவுண்டர்ல இருந்த பொண்ணு முழிச்சா. "நீங்கதானே மேடம் சொன்னீங்க, யார் வந்தாலும் வெறுங்கையோட அனுப்பாதேன்னு?"

சொன்னது அவதான். ஆரம்பிச்ச புதுசுல, கடை ஈயடிச்ச காலத்துல சொன்னது. வாங்கறதுக்கு ஆளே இல்லாதப்ப அது தப்பாவே தெரியல.

"இனிமே சைஸ் கேக்கறதுக்கு முன்னாடி, எங்க நின்னு வேலை பாக்கறீங்கன்னு கேளு. எண்ணெய், ஈரம்னு சொன்னா நம்மளது ஆகாதுன்னு சொல்லிடு. எங்க கிடைக்கும்னும் சொல்லி அனுப்பு."

"திட்டுவாங்களே மேடம்."

"திட்டட்டும்." அந்த மாஸ்டரோட பில்லைத் தேடி எடுத்து அவளே போன் பண்ணினா. அவர், "நல்லாத்தானேம்மா இருக்கு, மெத்தையில நடக்கற மாதிரி"ன்னார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "நேத்து மட்டும் லேசா ஒரு வழுக்கு வழுக்குச்சு"ன்னார். காசைத் திருப்பித் தர்றேன், ஷூவைக் கொண்டு வாங்கன்னு சொல்லிட்டு போனை வச்சா.

சாயங்காலம் அண்ணனைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு, ஃபேக்டரி பர்ச்சேஸ் மேனேஜருக்கு ஸ்பீக்கர்ல போன் போட்டா. சுத்தி வளைக்கல.

"சார், வறுக்கற எடத்துக்கு எங்க ஷூ ஆகாது. எண்ணெய்ல வழுக்கும்."

அந்தப் பக்கம் சிரிப்பு. "என்னம்மா இது? உங்க சரக்கு மட்டம்னு நீங்களே சொல்ற முதல் ஆள் நீங்கதான்."

"ஆஸ்பத்திரிக்கு இதை மிஞ்சின ஷூ கிடையாது சார். அடுப்புகிட்ட நிக்கறவங்க வழுக்கினா எதைப் பிடிப்பாங்கன்னு நெனச்சுப் பாருங்க. கொதிக்கற எண்ணெய் பக்கத்துலயே இருக்கு. எண்ணெய்த் தரைக்குன்னே பண்றவங்க ரெண்டு பேர் இருக்காங்க, நம்பர் அனுப்பறேன்."

அண்ணன் சட்டுனு போன்கிட்ட குனிஞ்சான். "சார், பாக்கிங் ஹால் காஞ்ச தரைதானே? அங்க இருக்கறவங்களுக்கு மட்டும் குடுக்கறோம் சார்."

தங்கச்சிக்கே உள்ளுக்குள்ள ஒரு வெளிச்சம். ஆமா, அது சரிதானே? பாதி ஆர்டர்னாலும் ஆர்டர்தான். அண்ணன் முகத்தைக் காப்பாத்திடலாம்.

"தாராளமா" மேனேஜர் சொன்னார்.

அவ வாய் வரைக்கும் சரின்னு வந்துடுச்சு. ஆனா கேட்டுட்டா. "பாக்கிங்ல இருக்கறவங்க எப்பவும் பாக்கிங்லதான் இருப்பாங்களா சார்?"

"அது எப்படிம்மா? இன்னிக்கு பாக்கிங், ஆள் வரலன்னா அடுப்பு. மாத்தி மாத்தித்தான் போடுவோம். ஷூவைக் கழட்டி வச்சுட்டா போவாங்க?"

அண்ணன் அவளையே பாத்துக்கிட்டு இருந்தான். தலையை மெல்ல ஆட்டினான். வேண்டாம்னு சொல்லிடாதேன்னு.

"அப்ப அதுவும் வேண்டாம் சார். மன்னிச்சுக்கோங்க."

போன் வச்சதும் அண்ணன் சாம்பிள் பையைத் திறந்து ஒவ்வொரு ஷூவா எடுத்து மேசை மேல வச்சான். ஜோடி ஜோடியா, நேரா. கத்தியிருந்தாக்கூடப் பரவாயில்ல.

"எண்ணெய்ல வழுக்கும்னு உனக்கு எப்ப தெரியும்?"

"ஃபேக்டரியைப் பாத்துட்டு வந்தன்னிக்கே."

"அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் அப்பவே விட்டுட்டு வேற எடம் பாத்திருப்பேன். அதுக்கு அப்புறமும் அந்த ஆள்கிட்ட எத்தனை தடவை பல்லிளிச்சேன். நீ பாத்துக்கிட்டே இருந்தே."

ஆர்டர் தானாவே நின்னுபோயிடும், தான் சொல்ல வேண்டி வராதுன்னு அவ உள்ளுக்குள்ள காத்துக்கிட்டு இருந்தது உண்மை. லெட்டர்ல இருந்த கடைசி வரி அப்பத்தான் உறைச்சுது. அந்த வேற யாரோ, அண்ணன்தான்.

அவன் கிளம்பிட்டான். மறுநாள் அவன் நாற்காலி காலியாவே இருந்துச்சு.

தையல் ஹாலுக்குப் போய் அவளே சொன்னா, இன்னும் கொஞ்ச நாளைக்குப் பாதி வாரம்தான்னு. வயசான தையல்காரி ஒருத்தி, "காரணம் பெருசுதான் மேடம். ஆனா எங்க வீட்டு அடுப்பு காரணம் கேக்காதே"ன்னா. யாரும் சிரிக்கல. தங்கச்சி தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னா.

ஆர்டரை விட்டது தப்புன்னு அவ இன்னி வரைக்கும் நெனைக்கல. மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வா. ஆனா அண்ணன் போனை எடுக்க மாட்டேங்கறான். வீட்டுக்குப் போனா, அண்ணி வாசல்லயே, "தூங்கறார்"னு சொல்லி அனுப்பிடறா. மன்னிப்புக் கேட்டா, அப்ப ஆர்டரை எடுத்திருக்கலாம்ல, அப்படின்னு அவன் கேப்பான். கேக்காம விட்டா கூடப்பொறந்த உறவே போயிடும். ரெண்டுக்கும் நடுவுல எதைச் சொல்றதுன்னு அவளுக்குத் தெரியல.

இதைப் படிக்கறவங்கள்ல கூடப்பொறந்தவங்களோட சேந்து தொழில் பண்றவங்க நிறையப் பேர் இருப்பீங்க. முடிவு சரியா இருந்தும் சொன்ன நேரம் தப்பா ஆகி, கூட நின்னவரைக் காயப்படுத்தியிருப்பீங்க. நீங்க அவரைத் திரும்ப எப்படிக் கூப்பிட்டீங்க? முதல் வார்த்தையா என்ன சொன்னீங்க? தயவுசெஞ்சு கீழ எழுதுங்க. புத்திமதியா வேண்டாம், உங்களுக்கு நடந்ததை நடந்த மாதிரியே எழுதுங்க.