பூனைக்கு ஒரு ரேஷன் கார்டு

“அது காஞ்ச சோறுமா. தயிர்சாதம் சாப்பிடும்போது ஒட்டியிருக்கும்” என்றார் பூனையைக் கொண்டுவந்தவர்.

“வாயால துன்ற சோறு வாலுக்கு எப்டி சார் போச்சு?” என்றாள் உதவிக்கு இருக்கும் சரசா.

கனிமொழி சிரிக்கவில்லை. மேசைமேல் நின்ற பூனையின் வாலைத் தூக்கி, அடியில் ஒட்டியிருந்த அரிசி போன்ற ஒன்றை ஈரத்துணியால் எடுத்தாள். அது லேசாக நெளிந்தது.

“நாடாப்புழு, சார். தெள்ளுப்பூச்சிய நக்கி முழுங்கினா வயித்துல இது வரும்.”

“வீட்டை விட்டு வெளியே போகாத பூனைமா மிட்டாய்.”

“நீங்க போறீங்கல்ல. பூச்சி கால்மிதியிலயும் செருப்புலயும் ஒட்டிகினு வந்துரும்.”

அண்ணனூரில் தன் வீட்டு மாடியில் கனிமொழி நடத்தும் பூனைக் காப்பகத்துக்கு, தன் பூனையைச் சில நாள் விட்டுப்போக அவர் வந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. பரந்தாமன். அம்பத்தூரில் அவள் வாடகைக்கு இருந்த குடியிருப்பின் சங்கச் செயலாளர். படியேறி வந்தபோதே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, அவருக்குத் தெரியவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பூனைகளால் புழு பரவுகிறது என்று அவர் நோட்டீஸ் ஒட்டினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாத்திரை, மாதம் ஒருமுறை பிடரியில் சொட்டுமருந்து என்று தேதிவாரியாக எழுதிய அட்டையை எடுத்துக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போனாள் கனிமொழி. “பூனைக்கு ரேஷன் கார்டா?” என்று அவர் கேட்க, கூட்டமே சிரித்தது. அந்த வாரத்திலேயே, பட்டப்பகலில், அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பால்கனியில் இருந்த அவள் பூனை கருப்பட்டியைக் கோணியில் போட்டு அவர் வண்டியில் கொண்டுபோனதை எதிர்வீட்டுக்காரி பார்த்தாள். கேட்டதற்கு, “எந்தப் பூனை?” என்றார். பூந்தமல்லி வரை, நசரத்பேட்டை வரை கனிமொழி தேடி அலைந்தாள்.

“ரேஷன் கார்டு எங்க சார்?” என்றாள் இப்போது.

கூடைக்குள் கைவிட்டவர் அப்படியே நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கு நினைவு வந்ததை அவள் கண்ணாரக் கண்டாள். இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான் என்று தோன்றியது, தொண்டைக்குள் இனித்தது.

பூனையை அவரிடம் விட்டுவிட்டு மகள் திவ்யா வெளிநாடு போவதற்கு முன் எழுதிய மருந்து அட்டையை அவர் மெதுவாக நீட்டினார். கடைசி மாத்திரைக்குப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. கனிமொழி பூனையை நெருக்கப்பல் சீப்பால் வாரினாள். விழுந்த கரும்புள்ளிகளை நனைத்த வெள்ளைக் காகிதத்தில் கொட்டியதும் ஒவ்வொன்றைச் சுற்றியும் துருச்சிவப்பு பரவியது.

“ரத்தம். பூச்சி குடிச்சிட்டுப் போட்ட கழிவு. உங்க சோபாவுலயும் கூடு கட்டியிருக்கும். மூணு மாசம் தொடர்ந்து மருந்து போட்டு, வீட்டையும் வாரி சுத்தம் பண்ணாதான் ஒழியும்.”

“நாலு மணிக்கு வண்டி. மனைவிக்குக் கோயம்புத்தூர்ல ஆபரேஷன். அஞ்சு நாள்தான்மா.”

சரசா சமையல் தராசில் ஒரு குட்டியை எடைபோட்டுக்கொண்டிருந்தாள். “அஞ்சு வாரக் குட்டிங்க மூணு கீது. இன்னிக்கு ரெண்டாவது வாட்டி பூச்சிமருந்து. ரெண்டு மாசம் ஆவற வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, அப்பால ஆறு மாசம் வரைக்கும் மாசாமாசம். தெள்ளுப்பூச்சி ஏறிச்சின்னா இந்த வயசுல சொட்டு போட முடியாது, சீப்புதான். நீ இட்டாந்தத எங்க வெக்கறது, எங்க தலையிலயா?”

“மருந்து கையோட வெச்சிருக்கேன். இப்பவே போட்டுடறேன்.” பரந்தாமன் அவசரமாகச் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு குழாயை எடுத்தார். “கீழ்வீட்டு நாய்க்கு வாங்கினது. பாதி போட்டா பூனைக்குச் சரியாயிடும்.”

குழாய்மேல் இருந்த மருந்தின் பெயர் கனிமொழியின் கண்ணில் பட்டது. பெர்மெத்ரின்.

அவர் முனையைக் கிள்ளினார். மிட்டாயின் பிடரி முடியைப் பிரித்தார். விரலில் பழகிய மென்மை இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும். பூனைக்கு எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும், பிறகு வலிப்பு. அவர் கையாலேயே. அவள் மனசு பேசாமல்தான் இருந்தது. கை முந்திக்கொண்டு குழாயைப் பிடுங்கியது.

“நாய்க்குப் போடறது இது. பாதி போட்டாலும் பூனைய கொன்னுடும் சார். வலிப்பு வந்து துடிக்கும்.”

பரந்தாமன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பூனையை மடியில் இழுத்துக்கொண்டார்.

தன் கைமேலேயே கனிமொழிக்கு ஆத்திரம் வந்தது. அவர் துடிப்பதைப் பார்த்திருக்கலாம். இப்போது பார்ப்பது துடிப்பில் பாதிகூட இல்லை.

“எவ்ளோ வேணா கேளுங்கம்மா.”

“பணம் வேணாம்.” பூனைக்கான சொட்டுமருந்தை அலமாரியிலிருந்து எடுத்து, எடைக்கு ஏற்ற நாடாப்புழு மாத்திரையும் பக்கத்தில் வைத்தாள். “தனி ரூம்ல வெச்சிக்கலாம். குட்டிங்ககிட்ட சேராது. அஞ்சு நாள் என் கையில இருக்கும், சார்.”

அந்தக் கடைசி வார்த்தைகளை அவள் மெதுவாகச் சொன்னாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். பயந்துதான் பார்த்தார்.

பூனை மருந்துக் குழாயைத் திறக்காமல் விரல்களுக்கிடையே உருட்டியபடி அவர் எதிரில் வந்து நின்றாள்.

“கருப்பட்டிய எங்க எறக்கி வுட்டீங்க? அந்த எடத்த மட்டும் சொல்லுங்க.”