படலையடியில் ஒரு சொல்

செத்தவீட்டுக்கு வருகிறவர்களை எங்கள் ஊரில் "வாங்கோ" என்று கூப்பிடுவதில்லை. அவர்களும் பேசாமல் வந்து நிலத்தில் இருப்பார்கள். தண்ணீர் வாயில் படாது. எழும்பும்போது "போட்டு வாறன்" என்று விடை சொல்லாமல் போய்விடுவார்கள்.

எண்பத்தாறாம் ஆண்டு வைகாசியில், எழுவைதீவுப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போன என் புருஷன் தில்லைநாதனின் வள்ளம் ஆளில்லாமல் கரை ஒதுங்கியது. கரம்பொன்னில் பாதி ஊர் எங்கள் வீட்டுக்கு வந்தது. பேசாமல்தான் வந்தது. நான் வாசல் படலைக்கு ஓடிப்போய் மறித்தேன்.

"வாங்கோ, வாங்கோ. ஏன் வெளியிலை நிக்கிறியள், உள்ளுக்கு வாங்கோ. கதிரையிலை இருங்கோ."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் மூக்குப்பேணியில் நல்ல தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்தேன். "தண்ணி குடிக்கிறியளோ" என்று கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்ல இடமுண்டு. "இந்தாங்கோ, தண்ணி" என்று வலக்கையால் நீட்டி, இடக்கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு நின்றேன். ஒருவரும் வாங்கவில்லை.

பக்கத்து வளவு யோகம்மாக்கா மட்டும் வேலிக்கு மேலால் சொன்னா: "பாமா, உன்ரை வீட்டுக்கு எப்பிடி வாறதெண்டு சனத்துக்குத் தெரியேல்லையடி. சிரிச்சுக்கொண்டு வாறதோ, அழுதுகொண்டு வாறதோ?"

அதன்பின் எவரும் வரவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் கதிரையைத் துடைத்து வைத்தேன். தூரத்துக் கிணற்றில் ஒரு குடம் நல்ல தண்ணீர் கூடுதலாக அள்ளினேன். எங்கள் கிணறு உவர். வாறவருக்கு அதைக் கொடுக்க ஏலாது. பின்னேரம் அந்தக் குடத்தை வாழைக்கு ஊற்றினேன். வாழைதான் அந்த வருசம் நன்றாக இருந்தது.

ஒரு வருசம் ஆகப் பத்து நாள் இருக்க, பரிமள மச்சாள் வந்தா. என் புருஷனின் அக்கா. ஊர்காவற்றுறைப் பக்கமிருந்து வெயிலில் நடந்து வந்து படலையைப் பிடித்தபடி நின்றா. நான் முற்றத்தில் விளக்குமாற்றோடு நிமிர்ந்தேன்.

சொல் வரவில்லை.

வாயைத் திறந்தேன். பதினொரு மாதமாக யாருக்கும் சொல்லாத சொல். இவ்வளவு நாளும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்ததில், சொல்லிவிட்டேன் என்று நினைத்தேனோ தெரியாது. மச்சாள் தானே படலையைத் திறந்து, பேசாமல் உள்ளே போய், கதிரை இருக்க, நிலத்தில் இருந்தா.

ஓடிப்போய்ப் பேணியைக் கொண்டுவந்தேன்.

"இந்தாங்கோ மச்சாள், தண்ணி."

"முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்யாத வீட்டிலை நான் எப்பிடிப் பிள்ளை குடிக்கிறது? வாற கிழமை ஐயரைக் கூட்டிவாறன். எல்லாத்தையும் ஒண்டாச் செய்து முடிப்பம்."

நான் பேணியை நீட்டியபடியே நின்றேன். மச்சாளின் உதடு வெடித்திருந்தது. கண் தண்ணீரை விட்டு விலகவில்லை.

"ஏன் நீ சொல்லேல்லை?" என்றா திடீரென்று.

"என்னத்தை, மச்சாள்?"

"வாங்கோ எண்டு. ஊருக்கெல்லாம் சொன்னனியாம். எனக்கும் சொல்லுவாய், சொன்னால் ஐயரின்ரை கதையை எடுக்காமல் திரும்பிப் போகலாம் எண்டு நினைச்சுக்கொண்டு வந்தனான். விசரி, படலையடியிலை நான் நிண்டன்தானே."

மச்சாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினா. முற்றத்தைத் தாண்டிப் போய், படலையைச் சாத்தி, வெயிலில் வெளியே நின்றா. என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"வாங்கோ மச்சாள்," என்றேன். குரல் யாருடையதோ போல இருந்தது. "உள்ளுக்கு வாங்கோ. வெயிலுக்கை நடந்தே வந்தனீங்கள்? இருங்கோ."

கதிரையில் இருந்தா. பேணியைத் தூக்கி அண்ணாந்து, உதட்டில் படாமல் முழுவதையும் குடித்தா. இன்னும் ஒன்று வார்த்தேன். அதையும் குடித்தா. தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. வாழை குலை போட்டிருக்கிறது என்றா.

எழும்பிப் படலைவரை போய்த் திரும்பினா.

"அப்ப, போட்டு வாறன்."

வள்ளம் ஏறப் போன அன்று விடியக்காலை அவரும் இதே இடத்தில் நின்று அதைத்தான் சொன்னார். குசினியில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. நான் பதில் சொல்லவில்லை. அதை இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

"ஓம்," என்றேன், கேட்கும்படி. "போட்டு வாங்கோ."

மச்சாள் போய் வளைவில் மறைந்த பிறகும் படலையைச் சாத்தாமல் நின்றேன். பிறகு உள்ளே போய்க் கதிரையைத் துடைத்தேன்.