சுவரோடு ஒட்டாத பெட்டி

அண்ணனுக்கு எல்லாம் கண்ணுக்கு லட்சணமாக இருக்க வேண்டும். புருஷனை விட்டு வந்த தங்கை பின்னறையில் இருப்பதே அவன் கண்ணை உறுத்தியிருக்கும். ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை, அவ்வளவு நல்லவன்.

தங்கைக்கு வியாழக்கிழமை வீடியோவில் இன்டர்வியூ. வீட்டிலிருந்தே பார்க்கிற கணக்கு வேலை. கிடைத்தால் தனியாக ஒரு அறை பிடித்துப் போய்விடலாம். திரையில் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்வார்கள், அவளிடம் இருந்த பட்டன் போன் பேசத்தான் லாயக்கு. ஆகவே பழைய கம்ப்யூட்டருக்கு வைஃபை போட மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

"யூஎஸ்பில சொருகுற அடாப்டர் இருக்கு. நீள ஒயர் போட்டு உயரத்துல வெச்சிடலாம். இல்லன்னா உள்ள கார்டு போடலாம், ஆன்டெனா பின்னாடி நீட்டிக்கிட்டு நிக்கும். கம்ப்யூட்டர் பெட்டி இரும்பு, சிக்னலை மறைக்கும். அதனால சுவரை விட்டுத் தள்ளி வெக்கணும்."

"யூஎஸ்பியே போதும்ங்க," என்றாள்.

"ஒயர் தொங்கிக்கிட்டுக் கிடக்கும், அசிங்கம். கார்டே போடுங்க," என்றான் அண்ணன். வீடு அவனுடையது.

மெக்கானிக் கார்டைப் பொருத்தி, இரண்டு ஆன்டெனாவையும் திருகி நிமிர்த்தி, கூடத்து ரவுட்டர் பக்கம் பார்க்கும்படி மேஜையைக் கோணலாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். சிக்னல் முழுசாக வந்தது. கண்ணாடியைப் பார்த்துப் பதில் சொல்லிப் பழகினாள். அவளுக்கே தன்னைப் பிடித்திருந்தது.

வியாழக்கிழமை, கடைக்குப் போய்விட்டு அவசரமாக வந்து உட்கார்ந்தாள். எதிரே மூன்று முகங்கள். முதல் கேள்வியிலேயே மூன்றும் உறைந்து போயின. குரல் துண்டு துண்டாக வந்தது. திரும்ப இணைந்தாள், திரும்பவும் அறுந்தது. 'பரவாயில்லை, தகவல் சொல்கிறோம்' என்று எழுத்தில் வந்தது. அந்தப் பரவாயில்லைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கா தெரியாது?

அப்போதுதான் கவனித்தாள், மேஜை நேராக இருந்தது. இழுத்துப் பார்த்தாள். ஆன்டெனா இருந்த இடத்தில் இரண்டு பித்தளை மூக்குகள் மொட்டையாக நின்றன.

"ஓ, அதுவா?" என்றான் அண்ணன். "பெட்டி சுவரோட ஒட்டவே மாட்டேன்னுச்சு. கழட்டி டிராயர்ல பத்திரமா வெச்சிருக்கேன். அப்புறமும் கனெக்டட்னுதானே காட்டுச்சு."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே."

"இதுக்கெல்லாமா கேப்பாங்க? வேலை போனா போகுது. இங்க உனக்கு என்ன குறைச்சல்?"

அவன் பாசமாகத்தான் சொன்னான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள்.

டிராயரைத் திறந்து ஆன்டெனாக்களை எடுத்துத் திருகினாள். மேஜையைக் கோணலாக இழுத்தாள். சிக்னல் முழுசாக ஏறியது, கூடவே ஒரு மெயிலும் வந்து விழுந்தது. வேறொருவரை எடுத்துக்கொண்டார்களாம்.

அண்ணன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"பாத்தியா, நல்லாத்தானே வேலை செய்யுது! மேஜையை மட்டும் கொஞ்சம் நேரா வெச்சிடும்மா."