சொன்னது அப்படியே

எங்கள் வக்கீலுக்கு ஒரு பழக்கம். நோட்டீஸுக்காக ஒரு வாக்கியம் சொல்லி முடித்ததும், அதைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறார் என்பதை வாய்க்குள்ளேயே முணுமுணுப்பார். முணுமுணுப்பது அவருக்கே தெரியாது. பதினோரு வருஷமாக அவர் சொல்லச் சொல்ல டைப் அடிப்பவள் நான். நோட்டீஸில் போக வேண்டியதை அடித்துவிட்டு, முணுமுணுப்பை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவேன்.

அந்தத் திங்கட்கிழமை அவர் புது லேப்டாப்பும் கையுமாக வந்தார்.

"பேசினா இதுவே தமிழ்ல அடிச்சிடுதும்மா. இனிமே டைப் அடிக்க ஆள் வேண்டாம். இந்த மாசத்தோட நீங்க வேற இடம் பாத்துக்குங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான் என்பது அவருக்கும் தெரியும். என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

அன்று முழுக்க அவர் லேப்டாப்போடு மல்லுக்கட்டினார். அதை மேஜையின் அந்தக் கோடியில் வைத்து, சுழலும் ஃபேனுக்கு அடியில் சாய்ந்தபடி பேசினார். திரையில் வந்ததெல்லாம் கண்றாவி. ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கத்தினார், இன்னும் மோசம். மறுநாள் காலை வழிக்கு வந்தார்.

"கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்மா."

என் வேலைக்கு வேட்டு வைக்க என்னையே கூப்பிடுகிறார்! சரி, வைத்துக்காட்டுவோம் என்று எழுந்தேன். அலமாரியில் கிடந்த ஹெட்செட்டை எடுத்துச் செருகினேன். செருகினால் போதாது, செட்டிங்ஸில் லேப்டாப்பின் சொந்த மைக்தான் தேர்வாகியிருந்தது, அதை மாற்றினேன். மைக் வாய்க்கு நேரே இருந்தால் மூச்சுக்காற்று இரையும் என்பதால், உதட்டோரமாக இரண்டு விரல் தள்ளி வளைத்துவிட்டேன். ஃபேனை நிறுத்தினேன்.

"கத்த வேண்டாம் சார். முழு வாக்கியமா, சாதாரணமாப் பேசுங்க. முன்ன பின்ன வர்ற வார்த்தைய வச்சுத்தான் அது புரிஞ்சுக்கும்."

பேசினார். ஊர்ப்பெயர், கதவு எண் போன்றவற்றில்தான் சறுக்கல். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எதுவும் இல்லை. மற்றதெல்லாம் அச்சுப் போல வந்தது. வக்கீலுக்குத் தலைகால் புரியவில்லை.

"சாயங்காலம் மரக்கடைக்காரர் வராரு. அவர் நோட்டீஸை இதுலயே சொல்றேன். பேரு, நம்பர், கமா, புள்ளி இத மட்டும் சரி பண்ணுங்க. வார்த்தையில கை வைக்கக் கூடாது. நான் சொன்னது அப்படியே வரணும்."

"அப்படியேவா சார்?"

"அப்படியே!"

மரக்கடைக்காரர்தான் எங்களுக்குப் பெரிய கட்சிக்காரர். பொதுச்சுவர் தகராறில் சொந்தத் தம்பிக்கே நோட்டீஸ் விடுகிறார். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். இரண்டு விரல் தூரத்தில் மைக், ஃபேன் சத்தமும் இல்லை. இத்தனை வருஷம் எனக்கு மட்டுமே கேட்ட முணுமுணுப்பு ஒன்றுவிடாமல் திரையில் விழுந்தது. முணுமுணுப்புக்கும் சேர்த்துக் கமா போட்டேன்.

கடைசி வரிக்கு வந்தபோது மட்டும் என் கை நின்றது. பிறகு, சொன்னதைச் சொன்னபடி ஒரு பிரதியும், வழக்கம்போல் சுத்தம் செய்து இன்னொரு பிரதியும் எடுத்தேன். முதலாவதை அவர் மேஜையில் வைத்தேன்.

நாலு மணிக்கு மரக்கடைக்காரர் வந்து உட்கார்ந்தார்.

"மனுஷக் கை அடிக்காத நோட்டீஸ், கேளுங்க," என்று வக்கீல் கம்பீரமாகப் படித்தார். "எனது கட்சிக்காரர் மேற்படி சுவரைத் தமது சொந்தச் செலவில் கட்டினார். இவர் எங்க கட்டினாரு, தம்பிதானே கட்டினான், பாவம்."

அந்த வரியைப் படித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் வெளிறிவிட்டது.

"என்ன சார் படிச்சீங்க?" என்றார் மரக்கடைக்காரர், நாற்காலியின் நுனிக்கு வந்து.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நான் இரண்டாவது பிரதியோடு உள்ளே போனேன். "அது குறிப்புத்தாள் சார். எதிர்த்தரப்பு என்ன சொல்லும்னு நடுநடுவே நீங்க சொல்லிப் பாத்தது. நோட்டீஸ் இது."

"எதிராளி பேச்சையும் இப்பவே யோசிச்சாச்சா? பலே!" என்றார் மரக்கடைக்காரர். நோட்டீஸைக் கேட்டு, அனுப்பச் சொல்லிவிட்டுத் திருப்தியாகப் போனார்.

வக்கீல் முதல் பிரதியைக் கடைசிவரை படித்தார். கடைசி வரி இதுதான்: 'இந்தம்மாவை அனுப்பிட்டு நான் என்ன பண்ணப்போறேனோ, பயமா இருக்கு.'

பதினோரு வருஷத்தில் என்னைப் பற்றி அவர் முணுமுணுத்தது அதுவே முதல் தடவை.

"இதையும் நான் சொன்னேனா?"

"மெஷின் தானா எதுவும் சொல்லாது சார்."

அந்த வரியைக் கோடு போட்டு அடிக்கப் பேனாவைத் திறந்தார். நான் தாளைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

"கை வைக்காதீங்க சார். அடுத்த மாசம் நான் வரும்போது இது வேணும்."

அவர் பேனாவை மூடினார்.