ஏழு எங்கிருந்து வந்தது

தாமார் அந்த மேசைக்கு முன்னால் நிற்பது இது மூன்றாவது வருடம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சிற்றுண்டிப் பெட்டி. போன வருடமும் அதே பெட்டிதான். அதே வாழையிலையில் பொதிந்த கோழிச் சோறுதான்.

இந்தோனேசியாவின் மலாங் நகரில் அந்தப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக வேண்டுமென்றால் இருபது நிமிடம் வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். தேர்வுக் குழுவினர் முதலாண்டு மாணவர்களாக நடிப்பார்கள். நடிப்பது அவர்களுக்குப் பிடித்தும் இருந்தது. முக்கியமாக பாக் ஹார்தோனோவுக்கு. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த அந்த மனிதர் வருடம் முழுக்கக் கண்டிப்பான பேராசிரியராக இருந்துவிட்டு, இந்த ஒரு நாளில் கடைசி பெஞ்சு மாணவராகிவிடுவார்.

"பாக், நான் நேத்து வகுப்புக்கு வரல. கொஞ்சம் மெதுவாப் போங்க," என்றார், வாயில் சோற்றோடு. தன்னில் பாதி வயதுகூட இல்லாதவனை பாக், அதாவது ஐயா, என்று அழைப்பதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை.

"அவன் என்னிக்குமே வரமாட்டான், பாக். நீங்க நடத்துங்க," என்றாள் பக்கத்தில் இருந்த கினாசி. குழுவில் இளையவள். அவள் கையில்தான் நேரம் பார்க்கும் கைபேசி இருந்தது. மூன்றாவது ஆள் துறைத் தலைவர் பு சுலாஸ்த்ரி, அதாவது சுலாஸ்த்ரி அம்மா. அவர் நடிக்கவில்லை. பென்சிலைக் கூராக்கிக் கொண்டிருந்தார். போன இரண்டு வருடமும் அந்தப் பென்சில்தான் தாமார் பெயருக்கு எதிரே ஏதோ எழுதியது. என்ன எழுதியது என்று அவனுக்குத் தெரியாது. கடிதம் மட்டும் வந்தது. வேலை வரவில்லை.

இந்த முறையும் வராவிட்டால் பயிற்சி மையம்தான். அங்கே நான்கு வருடமாகிறது. மாணவர்கள் தேர்வுக்கு முந்தின வாரம் வருவார்கள். கேள்வியைப் பார், எண்ணைப் பிடி, விடையை எழுது. ஏன் என்று கேட்பவனை மற்ற மாணவர்களே முறைப்பார்கள். தாமாரும் மெல்ல ஏன் என்று சொல்வதை விட்டிருந்தான். அது திரும்ப வேண்டும் என்றுதான் இங்கே நின்றான்.

பலகை சிறியது. சக்கரம் வைத்தது. அழிப்பானைக் காணவில்லை.

அவன் எழுதினான்: x மூன்றை நெருங்கும்போது x² ஒன்பதை நெருங்குகிறது. நிரூபிக்க.

"இது ஒரு பந்தயம் மாதிரி," என்று ஆரம்பித்தான். "விடை ஒன்பதுக்கு எவ்வளவு கிட்ட இருக்கணும்னு எதிராளி சொல்வான். அந்த அளவு எப்சிலான். அப்போ x மூணுக்கு எவ்வளவு கிட்ட இருந்தாப் போதும்னு நாம பதில் சொல்லணும். அது டெல்டா. எதிராளி எந்த எப்சிலான் சொன்னாலும் நம்மகிட்ட ஒரு டெல்டா இருக்கணும். அவ்வளவுதான்."

"எதிராளி யாரு, பாக்?" என்றார் ஹார்தோனோ.

"உங்கள மாதிரி ஒருத்தர்."

கினாசி சிரித்தாள். பு சுலாஸ்த்ரியின் பென்சில் ஏதோ எழுதியது. தாமாருக்கு வியர்த்தது.

அவன் வேகமாகப் போனான். |x² − 9| என்பதைப் பிரித்து |x − 3| · |x + 3| என்று எழுதினான். "முதல் காரணி நம்ம பிடியில இருக்கு. டெல்டாவச் சின்னதாக்கினா அதுவும் சின்னதாகும். ரெண்டாவதுதான் தொல்லை. அது x-ஓட சேர்ந்து அசையும். அத ஒரு எண்ணுக்குள்ள அடைக்கணும். அதுக்கு x மூணுல இருந்து ஒண்ணுக்குள்ளயே இருக்கட்டும்னு வச்சுக்கலாம்."

|x − 3| < 1 என்று எழுதினான். அதன் கீழே 2 < x < 4. அதன் கீழே |x + 3| < 7.

பலகை நிரம்பிவிட்டது. அழிப்பானைத் தேடினான். இல்லை. உள்ளங்கையின் ஓரத்தால் மேல் பாதியைத் துடைத்தான். கை நீலமாயிற்று. ஏழு மட்டும் மூலையில் மிஞ்சியது. பயிற்சி மையத்தில் எண்ணைப் பிடித்த பிறகு கை தானாக ஓடும். இங்கேயும் ஓடியது.

"இப்போ |x − 3| · 7 எப்சிலானுக்குக் கீழ வரணும். அதனால, டெல்டா சமம் எப்சிலான் பை ஏழு." δ = ε/7 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு கட்டமும் போட்டான். "முடிஞ்சது."

"எவ்வளவு அழகாக் கட்டம் போட்டிருக்காரு பாருங்க," என்றார் ஹார்தோனோ. வாழையிலையை நான்காக மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். விரலைத் துடைத்துக்கொண்டார். தாமாருக்கு அந்த நிதானம் பிடிக்கவில்லை.

"பாக், நான் எதிராளி. எப்சிலான் நூறு."

"நூறா?"

"ஆமா. நான் பெரிய மனசுக்காரன்."

"எப்சிலான்னா... சின்னதா இருக்கும். யாரும் நூறு கேக்க மாட்டாங்க."

சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டான். கினாசி கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"எந்த எப்சிலான் சொன்னாலும்னு நீங்கதான சொன்னீங்க, பாக்? நான் நோட்டுல எழுதியே வச்சிருக்கேன்," என்றாள். நோட்டைத் திருப்பிக் காட்டினாள். உண்மையாகவே எழுதியிருந்தாள்.

"நேத்து வராதவன் இன்னிக்குக் கேட்டா தப்பா?" என்றார் ஹார்தோனோ. "எங்க வீட்டுல நூறுதான் பழக்கம்."

பதில் சொல்ல ஒரு வழிதான் இருந்தது. தாமார் பேனாவை எடுத்தான்.

"சரி. எப்சிலான் நூறு. என் டெல்டா நூறு பை ஏழு. பதினாலு சொச்சம். அப்போ x மூணுல இருந்து பதினாலு தள்ளிப் போகலாம். பதினேழு வரைக்கும்..."

"பதினேழு நல்ல எண்ணு. என் பொண்ணு பிறந்த தேதி," என்றார் ஹார்தோனோ.

17² = 289 என்று எழுதினான். ஒன்பதைக் கழித்தான். 280.

"நூறுக்குள்ள இருக்கா, பாக்?"

"இல்ல."

"கிட்டத்தட்ட மூணு மடங்கு," என்றாள் கினாசி, பரிவோடு. அந்தப் பரிவுதான் அதிகம் குத்தியது.

பென்சில் மறுபடி ஓடியது. தாமார் பலகையைப் பார்த்தான். பதினேழில் இரண்டாவது காரணி இருபது. ஏழு எங்கே, இருபது எங்கே? பதினான்கை இருபதால் பெருக்கினால் இருநூற்றெண்பது. கணக்கில் பிழை இல்லை. ஏழுதான் பொய். இல்லை, ஏழும் பொய் இல்லை. மூன்றிலிருந்து ஒன்றுக்குள் அது உண்மை. அந்த வேலியைத் தாண்டி அதை அவன்தான் இழுத்துக்கொண்டு போனான். வேலி எங்கே?

கையைத் திருப்பிப் பார்த்தான். உள்ளங்கை ஓரத்தில் நீல மை.

சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை.

"என்னாச்சு, பாக்?"

"தப்பு கிடைச்சிருச்சு." கையைத் தூக்கிக் காட்டினான். "இங்க இருக்கு. |x − 3| < 1. நான்தான் துடைச்சேன். வரிய மட்டும் துடைக்கல, நிபந்தனையையே துடைச்சுட்டேன்."

ஹார்தோனோ மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்திக் கையைப் பார்த்தார். "அப்போ பரீட்சை எழுதுற நூத்தி இருபது பேரும் உங்க கையப் பிடிச்சுக்கிட்டு எழுதணுமா, பாக்?"

"வேணாம். பலகையில போட்டுடறேன்."

"நாலு நிமிஷம் இருக்கு," என்றாள் கினாசி.

கட்டத்துக்குள் இருந்ததை அவன் அழிக்கவில்லை. பக்கத்தில் இடம் கண்டுபிடித்து எழுதினான்: δ = min(1, ε/7).

"இப்போ டெல்டாவுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, x-அ மூணுக்குப் பக்கத்துலயே கட்டிப்போடணும். அப்பத்தான் ஏழுங்கிற எல்லைய நம்பலாம். ரெண்டு, முதல் காரணிய எப்சிலான் பை ஏழுக்குக் கீழ வைக்கணும். ரெண்டுல எது சின்னதோ அத எடுத்தா ரெண்டு வேலையும் நடக்கும். நீங்க நூறு கேட்டா எப்சிலான் பை ஏழு பதினாலு. ஆனா நான் ஒண்ணுதான் தருவேன். x ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுலதான். வித்தியாசம் ஏழுக்குக் கீழ. உங்க நூறுக்குள்ள தாராளமா வரும்."

"நான் நூறு கேட்டேன், நீங்க ஏழுல நிறுத்துறீங்க. இவ்வளவு கஞ்சமா?"

"டெல்டா பெருசா இருக்கணும்னு யாரும் கேக்கல. செல்லுபடியானாப் போதும்."

"நான் புள்ளி பூஜ்யம் ஏழு கேட்டா?" கினாசி குறுக்கே வந்தாள்.

"அப்போ எப்சிலான் பை ஏழு புள்ளி பூஜ்யம் ஒண்ணு. அதுதான் சின்னது. வேலிக்குள்ள இன்னொரு சின்ன வேலி."

"ஏன் ஒண்ணு? எனக்கு ஒண்ணு பிடிக்காது," என்றார் ஹார்தோனோ. "பத்து வைங்க."

பழைய தாமாராக இருந்தால், எல்லாரும் ஒன்றுதான் வைப்பார்கள் என்று சொல்லியிருப்பான். பயிற்சி மையச் சுவரில் அப்படித்தான் அச்சடித்து ஒட்டியிருந்தது.

"பத்தும் வைக்கலாம். அப்போ x மைனஸ் ஏழுல இருந்து பதிமூணு வரைக்கும். x + 3 மைனஸ் நாலுக்கும் பதினாறுக்கும் நடுவுல. அதோட அளவு பதினாறுக்குக் கீழ. டெல்டாங்கிறது பத்து, எப்சிலான் பை பதினாறு, இந்த ரெண்டுல சின்னது. வேலிய எங்க வேணாலும் போடுங்க, பாக். போட்டுட்டுத் துடைக்காதீங்க. அவ்வளவுதான்."

கைபேசி மணியடித்தது.

யாரும் எழவில்லை. ஹார்தோனோ மாணவர் முகத்தைக் கழற்றிவிட்டுப் பேராசிரியர் முகத்துக்குத் திரும்பினார். அது தாமாருக்கு அச்சமாக இருந்தது.

"போன வருஷமும் இதே தலைப்புதான் எடுத்த," என்றார். இப்போது பாக் இல்லை. "அப்பவும் நூறு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

தாமாருக்கு இல்லை.

"நீ, 'நல்ல கேள்வி, வகுப்பு முடிஞ்சதும் பார்க்கலாம்'னு சொன்ன. வகுப்பும் முடிஞ்சுது, நீயும் போயிட்ட. அதுக்கு முந்தின வருஷமும் அப்படித்தான். நான் இன்னும் காத்துக்கிட்டிருக்கேன்."

பென்சில் எழுதியது அதைத்தான் என்று அப்போது புரிந்தது. தவறு செய்ததற்காக அல்ல. தவறைப் பார்க்காமல் நகர்ந்துபோனதற்காக.

பு சுலாஸ்த்ரி முதன்முறையாக வாயைத் திறந்தார். "முடிவு கடிதத்துலதான் வரும். அதுதான் விதி." தாளைப் புரட்டினார். "சும்மா ஒரு தகவலுக்குக் கேக்கறேன், மாஸ் தாமார். திங்கள், புதன் காலையில ஏழு மணிக்கு உங்களுக்கு வேற வேலை இருக்கா?" இளைஞர்களை மாஸ் என்றுதான் அங்கே அழைப்பார்கள்.

"இல்ல, பு."

"முதலாண்டுப் பசங்க. ஏழு மணி வகுப்ப யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க."

"பாதிப் பேர் தூங்குவானுங்க," என்றாள் கினாசி. "மீதிப் பேர் இவர மாதிரி கேள்வி கேப்பானுங்க." ஹார்தோனோ பக்கம் தலையை ஆட்டினாள்.

"வரேன், பு," என்றான் தாமார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"நான் ஒண்ணும் சொல்லலையே," என்றார் பு சுலாஸ்த்ரி. பென்சிலைப் பெட்டியில் வைத்து மூடினார். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து எதையோ எடுத்து அவன் பக்கம் தள்ளினார். அழிப்பான். இருபது நிமிடமும் அவர் காலடியில் இருந்திருக்கிறது.

தாமார் அதைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

"பலகையத் துடைச்சுட்டுப் போங்க," என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அடுத்தவர் வெளிய நிக்கறாரு."

அவன் துடைத்தான். 280 போயிற்று. கட்டம் போட்ட பழைய டெல்டா போயிற்று. அழிப்பானைத் திரும்ப மேசையில் வைக்கப் போனபோது ஹார்தோனோ அதை வாங்கி மறுபடி மேசைக்கு அடியில் போட்டார்.

"வெளிய இருக்கறவர்கிட்ட சொல்லிராத," என்றார்.

தாழ்வாரத்தில் ஒரு பெண் தாள்களை நெஞ்சோடு அணைத்து நின்றிருந்தாள். "எப்படி இருந்துது, மாஸ்?" என்றாள் பதற்றமாக. தாமார் நீலக் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் படியிறங்கினான்.