தளத்தை இறக்குங்கள்

குழந்தைச் சாமான்கள் விற்கும் இணையக் கடையில் பொருள் விவரம் எழுதுகிறவளுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. தள்ளுவண்டி இருபத்திரண்டு கிலோ தாங்கும் என்று போடச் சொல்லி முதலாளி அரித்துக்கொண்டிருந்தார்.

"சோதனை பண்ணினது பதினஞ்சு கிலோவுக்குத்தான் சார். அதுக்கு மேல தரச்சான்று செல்லாது. மடிச்ச அளவும் சக்கரத்தைக் கழட்டிட்டு எடுத்தது, அதையும் சொல்லணும்."

"உன்கிட்ட கடையக் கொடுத்தா ஒரு வண்டி விக்காதும்மா!"

பல்லைக் கடித்துக்கொண்டு பதினைந்து என்றே அடித்தாள். அடுத்தது குழந்தைக் கட்டில். பொருத்தும் குறிப்பு எல்லாக் கட்டிலுக்கும் ஒன்றுதான். மாதக்கணக்கில் வெட்டி ஒட்டுகிறாள்.

'குழந்தை தானாக எழுந்து உட்காரத் தொடங்கியதும் மெத்தை வைக்கும் தளத்தைக் கீழ்மட்டத்துக்கு இறக்குங்கள்.'

ஒட்டிய கை அப்படியே நின்றது. சற்றுமுன் கணவன் அனுப்பிய படத்தைத் திறந்தாள். மகன் முதல்முறையாகத் தானே எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மேல்கம்பி அவன் நெஞ்சளவுதான்.

போன் போட்டாள். "புள்ள எங்க?"

"கட்டில்லதான். கம்பியப் பிடிச்சுக்கிட்டு ஒரே சிரிப்பு. நான் அடுப்படியில..."

"ஓடிப் போய்த் தூக்குங்க! எட்டிக் குப்புற விழுந்துடுவான், தளத்தைக் கீழ இறக்கணும்!"

தடதடவென்று காலடிச் சத்தம். பிறகு மூச்சிரைப்பு. "தூக்கிட்டேன். தளத்தை இறக்கணுமா? ஸ்க்ரூ சாவி எங்க?"

அட்டைப்பெட்டியோடு அதைக் குப்பையில் போட்டது அவளேதான். குறிப்பின் கடைசி வரி திரையில் இருந்தது: 'சாவியைப் பத்திரமாக வைத்திருங்கள்.'

"மெத்தையைத் தரையில போடுங்க. நான் வர்றேன்."

"கட்டில் எழுதியாச்சா?" என்று கத்தினார் முதலாளி.

"இப்பத்தான் சார் படிக்கிறேன்."