ஆமாம் சொன்ன அறுபத்து மூன்று வீடுகள்

அறுபத்து மூன்று வீடுகளில் ஏறி இறங்கினார் மூட்டைக்காரர். ஒரு வீட்டில்கூட இல்லை என்று சொல்லவில்லை. நோட்டுப் புத்தகத்தில் வரிசையாகச் சரிக்குறி போட்டுக்கொண்டு வந்தவர், வீட்டு வாசலில் செருப்பை உதறும்போதே தங்கச்சியைக் கூப்பிட்டார்.

"பாத்தியா? ஊரே காத்துக்கிட்டிருக்கு."

லாரி நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் மூட்டை தூக்கியவர் அவர். முதுகு எலும்பில் தட்டு நகர்ந்துவிட்டது, இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிலையத்தில் கொடுத்து அனுப்பிய பணம் கையில் இருந்தது. தங்கச்சி ஒன்பது வருஷம் தூரத்து ஊரில் தையல் கம்பெனியில் இருந்தவள். அவள் வேலை பார்த்த பிரிவை மூடிவிட்டார்கள். அவள் கையிலும் கணக்குத் தீர்த்த பணம் இருந்தது. புருஷன் போன இடம் தெரியாது. மகள் சிட்டு கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து அண்ணன் வீட்டில்தான் வளர்ந்தாள். இப்போது மூன்றாம் வகுப்பு. அம்மாவை மாதக் கடைசியில் இரண்டு நாள் பார்த்துப் பழகியவள், அம்மா வந்து ஒரு வாரம் ஆன பிறகும் எப்போது கிளம்புவாய் என்றே கேட்டுக்கொண்டிருந்தாள்.

கம்பெனி வேறு இடத்தில் புதுப் பிரிவு திறக்கப்போவதாகவும், ஐந்து மாதத்துக்குள் வந்தால் பழைய சம்பளத்திலேயே எடுத்துக்கொள்வதாகவும் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அதற்குள் இங்கே ஒரு கடை காலூன்றிவிட்டால் அவள் போக வேண்டியதில்லை. விஷயம் அவ்வளவுதான். இரண்டு பேர் பணத்தையும் ஒன்றாகப் போட்டு எந்தக் கடை வைப்பது என்பதுதான் கேள்வி.

மூட்டைக்காரர் மனதில் ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. பெரிய நகரத்தில் லோடு இறக்கப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறார். கண்ணாடிக் கதவு வைத்த வாஷிங் மெஷின்கள், வரிசையாக. துணியைப் போட்டுக் காசைக் கட்டிவிட்டு ஜனங்கள் ஜம்மென்று உட்கார்ந்திருப்பார்கள். நம் ஊர்ப் பெண்களும் அப்படி உட்கார வேண்டாமா?

"அண்ணா, நீ அவங்ககிட்ட என்னன்னு கேட்ட?" என்றாள் தங்கச்சி.

"மெஷின் கடை வந்தா வருவீங்களான்னு கேட்டேன்."

"வாசல்ல வந்து நிக்கிற மனுஷன்கிட்ட வர மாட்டேன்னு யாரு சொல்லுவா? டீ குடுத்தாங்களா?"

"பதினாலு வீட்டுல குடுத்தாங்க."

"அப்ப சரிதான். இப்ப துணி துவைக்க மாசம் எவ்வளவு செலவு பண்றீங்கன்னு கேட்டியா?"

"சோப்புக்கு மட்டும்தான் செலவு. அதான் அவங்களுக்கு மெஷின் வேணுங்கறேன்!"

"சோப்புக்கு மட்டும் செலவு பண்றவங்க அதுக்கு மேல எடுத்து நீட்டணும்னா, எங்கேருந்து எடுப்பாங்க?"

அண்ணி கதவோரம் நின்று சிரித்தாள். "மெஷின் வந்தா மொதல்ல என் துணியத்தான் போடணும். ஆனா அதுக்கும் உங்கண்ணன் எங்கிட்டயே காசு கேப்பாரு, பாத்துக்கோ."

தங்கச்சிக்கு வேறு யோசனை இருந்தது. பள்ளிக்கூடப் பை ஜிப், அறுந்த பைவார், பெரியவன் சட்டையைச் சின்னவனுக்குக் குறைத்துத் தைப்பது, கிழிந்த குடைத்துணி. அவளும் நாலு நாள் பள்ளிக்கூட வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் நின்று பார்த்திருந்தாள். ஜிப் போன பையை ஊக்கு குத்திக்கொண்டு தூக்கிப் போகிறார்கள். புதுப் பை வாங்க முடியாது. ஜிப் மாற்ற டவுனுக்குப் போனால், ஜிப்புக்கு ஆவதைவிட பஸ்ஸுக்கு அதிகம். "இது அவங்க ஏற்கெனவே செலவு பண்ற காசு அண்ணா. அந்த பஸ் காசத்தான் நம்மகிட்ட குடுக்கப் போறாங்க. ஒரு தையல் மெஷினு, ஒரு பெட்டி ஜிப்பு. போச்சுன்னாலும் பெருசா போகாது. மீதிப் பணம் கையில இருக்கும்."

மூட்டைக்காரருக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷம் ஊர்ச் சுமையைத் தூக்கியாயிற்று. இனி கிழிசல் தைக்கிற கடை என்றா போர்டு மாட்டுவது?

"பெருசா பண்ணாத்தான் பெருசா வரும்," என்றார்.

"சரிண்ணா," என்றாள் அவள். அண்ணன் ஒன்பது வருஷம் அவள் மகளை வளர்த்தவர். அந்தக் கணக்கை நினைத்துத்தான் அவள் பணத்தை எடுத்து நீட்டினாள் என்பது அப்போது அவருக்குத் தெரியவில்லை. தன் யோசனை நல்லது என்பதால் கொடுக்கிறாள் என்றே எண்ணிக்கொண்டார்.

கடைவீதியில் ஓர் அறை. இரண்டு மெஷின், எட்டுக் கிலோ எட்டுக் கிலோ. மேலே தண்ணீர்த் தொட்டி, அதற்கு மோட்டார், தனி மின் இணைப்பு, உட்கார நான்கு நாற்காலி. திறந்த அன்றைக்கு இலவசம். தெரு முனைவரை கூட்டம். துணி சுழல்வதைக் கண்ணாடி வழியாகக் கைகட்டி நின்று பார்த்தார்கள். ஒருத்தர் தன் சட்டை தெரியும்போதெல்லாம், "அதோ என்னுது, அதோ என்னுது" என்று ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார். மூட்டைக்காரர் அன்று மாப்பிள்ளை மாதிரி மூன்று தடவை முகம் கழுவிக்கொண்டார்.

இரண்டாம் நாள் ஒரு கூடைக்கு அறுபது ரூபாய் என்று எழுதி மாட்டினார். மூன்று பேர் வந்தார்கள். அடுத்த வாரம் நாள் ஒன்றுக்கு ஒருத்தர். அதற்கடுத்து அதுவும் இல்லை.

செங்கல் சூளையில் வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி கடை வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள். மூட்டைக்காரர் எழுந்து வந்தார்.

"என்னக்கா, வருவேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்தான். நல்ல மனுஷன், ஆசையா கேட்டே. நீயே சொல்லு, எங்க வீட்டுக்காரருக்கு மொத்தமே மூணு சட்டை. எனக்கு நாலு உருப்படி. உன் மெஷினு ரொம்பணும்னா எங்க தெருவே துணிய அவுத்துக் குடுத்துட்டு வீட்டுக்குள்ள உக்காந்திருக்கணும்."

"பக்கத்து வீட்டுத் துணியோட சேத்துப் போட்டுக்கலாமே? ஆளுக்குப் பாதி."

"அவ வீட்டு உள்ளாடையோட என் துணியா?" அக்கா முகத்தைச் சுளித்தாள். "கை ரெண்டும் இருக்கு, தொட்டில தண்ணி இருக்கு. அதுக்கு எதுக்குப்பா அறுபது? அறுபதுன்னா நாளைக்கு ஒரு வேளை அடுப்பு எரியும்."

அன்றைக்கே அளவைப் பாதியாக்கிப் பாதிக் கூடைக்கு முப்பது என்றார். பாதிக் கூடை போட்டாலும் மெஷின் குடிக்கிற தண்ணீரும் கரண்டும் பெரிதாகக் குறையவில்லை. ஆளில்லாமல் ஓடாமல் நின்ற கடை, இப்போது ஓடி ஓடி நஷ்டப்பட்டது. மழை விட்ட சமயத்தில் மட்டும் கனத்த போர்வைகள் வந்தன. போர்வையைக் கையால் பிழிய முடியாது அல்லவா. பத்து நாள் மெஷின் நிற்கவில்லை. மூட்டைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊரில் உள்ள போர்வையெல்லாம் தீர்ந்ததும் மறுபடி குனிந்துகொண்டார். ஒரு போர்வையை ஜனங்கள் வருஷத்தில் எத்தனை தடவை துவைப்பார்கள்?

அந்த நாட்களில்தான் தங்கச்சி வீட்டில் கிடந்த தன் பழைய தையல் மெஷினைக் கடை மூலையில் கொண்டுவந்து வைத்தாள். போர்வை கொண்டுவந்த ஓர் அம்மா மகனுடைய பையைக் காட்டி, இதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருந்தாள். பத்து நிமிஷ வேலை. மறுநாள் அந்த அம்மா இரண்டு பேரை அனுப்பினாள். அந்த வாரக் கடைசியில், கூலி கிடைக்கிற நாளில், மூலையில் ஏழு பேர் பையும் கையுமாக நின்றார்கள். இந்தப் பக்கம் நாற்காலி நான்கும் காலி.

மூட்டைக்காரருக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் பார்த்து லாரி நிலையத்து மேஸ்திரி வாசலில் வந்து நின்றார்.

"என்னப்பா, மெஷின் கடைன்னாங்க. ஒட்டுப்போடற கடையா ஆயிடுச்சா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். போய்விட்டார். மூட்டைக்காரரின் காது மடல் எரிந்தது. கூட்டம் கலைந்ததும் தங்கச்சியிடம் போனார்.

"இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடும்மா. கிழிஞ்ச பையும் அழுக்கு மூட்டையும் வாசல்ல கிடந்தா, துவைக்க வர்றவங்க எப்படி உள்ள வருவாங்க?"

"யாரு வர்றாங்கண்ணா?"

"வருவாங்க. நீ கடைய மறைச்சிட்டு நிக்கிறதாலதான் வரல."

அவள் அண்ணனை ஒரு கணம் பார்த்தாள். ஊசியைக் கழற்றிப் பெட்டியில் போட்டாள். மெஷினுக்கு மேல்மூடியை வைத்தாள். தையல் மெஷினை அவரால் தூக்க முடியாது என்பதால் அவளே இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு கடைவீதி வழியாக வீட்டுக்குப் போனாள். வீடு கடைசித் தெருவில், ஓடை தாண்டி. வேலை முடித்துக் களைத்து வருகிற ஜனங்கள் ஒரு ஜிப்புக்காக அவ்வளவு தூரம் நடப்பார்களா? நடக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துத்தான் அவருக்குக் கண் திறந்தது. வாடகைக்கு வழியில்லாமல் நின்றபோது, தானே போய்ச் சொன்னார்.

"தங்கச்சி, அந்த ஜிப்பு வேலையவே பண்ணிடலாம்மா. வாஷிங் மெஷின வித்துடறேன். கடைய நீ எடுத்துக்கோ."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "குடைக்காரர் ஆரம்பிச்சிட்டாரண்ணா."

"யாரு?"

"பஸ் நிறுத்தத்துல குடைக்கம்பி மாத்திக்கிட்டு உக்காந்திருப்பாரே. நம்ம கடையில நின்ன கூட்டத்தப் பாத்திருக்காரு. மூணு வாரமாச்சு. ஜிப்பு, வாரு எல்லாம் அவர்கிட்டதான் போகுது. நல்லாத்தான் தைக்கிறாரு."

"நாமளும் போடலாமே. உன் கை வேற."

"ஊர்ல எத்தன பை இருக்குண்ணா? ஒருத்தர் உக்காந்தா ஒரு குடும்பம் சாப்பிடலாம். ரெண்டு பேர் உக்காந்தா ரெண்டு குடும்பமும் அரை வயிறு. அவருக்கும் மூணு புள்ளைங்க."

மெஷின்களை விற்கப் போனால் வாங்கின விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கேட்டார்கள். தண்ணீர்த் தொட்டியை யாரும் கேட்கவே இல்லை. வந்த பணம் பாக்கி வாடகைக்கும் மின் கட்டணத்துக்கும் போயிற்று. ஐந்து மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது தங்கச்சி பையைக் கட்டினாள்.

காலை பஸ். சிட்டு பள்ளிச் சீருடையிலேயே வந்திருந்தாள். அழவில்லை. பழகிப்போன பிள்ளை. அதைப் பார்க்கத்தான் மூட்டைக்காரருக்குத் தாங்கவில்லை.

"எல்லாருமே வர்றேன்னாங்கம்மா," என்றார், பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு. "ஒருத்தர்கூட பொய் சொல்ற மாதிரி இல்ல."

"பொய் இல்லண்ணா. உன் மனசு நோகக் கூடாதுன்னு சொன்னாங்க." பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "நானும் அதான பண்ணேன்."

பஸ் கிளம்பிவிட்டது. அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது ஜன்னல் கைக்கு எட்டவில்லை.

சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பக்கம் நடந்தார். வழியில் ஒரு வீட்டு முன்னால் ஓர் அம்மா ஈரத் துணியைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தாள். சோப்பு நுரை இன்னும் முழங்கையில் இருந்தது.

"என்னங்க, கடை ரெண்டு நாளா பூட்டியே கிடக்கு?"

"மூடிட்டோம்மா."

"ஐயோ, நல்ல கடையாச்சே!" நிஜமாகவே வருத்தப்பட்டாள். "பொம்பளைங்களுக்கு எவ்வளவு ஒத்தாசை. ஏங்க மூடினீங்க?"

நீங்கள் ஒரு நாளாவது வந்தீர்களா அம்மா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கொடியில் பார்த்தார். இரண்டு சட்டை, ஒரு பாவாடை, சின்னதாக ஒரு கால்சட்டை. அவ்வளவுதான் அந்த வீட்டு அழுக்கு.

"முடியலம்மா," என்றார்.

"மாமா, மணி அடிச்சிடுவாங்க," என்று சிட்டு கையை இழுத்தாள்.